மாதத்தில் பத்து நாள் மட்டும் வந்துபோன மனச்சோர்வு: சித்தூர் வட்டத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

வயது 34. பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்து ஊர். வீட்டில் கொங்குத் தமிழ், வெளியில் மலையாளம். ஊர்ப் பால் சொசைட்டியில் காலையும் மாலையும் பால் அளந்து, கொழுப்பு பார்த்து, பேரேட்டில் எழுதும் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டாவது பிரசவத்தோடு குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

என்னிடம் வந்தபோது கையில் தடிமனான ஒரு ஃபைல் இருந்தது. இரண்டு வருடங்களில் மூன்று முறை, வேறொரு ஊரில் மனநல மருத்துவம் பார்த்திருக்கிறார். மூன்று முறையும் மனச்சோர்வு நோய் என்று எழுதி, எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம் தினமும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். மூன்று முறையும் இரண்டு வாரம் கழித்து நடந்த மறுபரிசோதனையில் "நல்ல முன்னேற்றம்" என்ற குறிப்பு. அடுத்த பக்கத்தைப் புரட்டினால், மறுபடியும் அதே அழுகை, அதே கோபம்.

"மாத்திரையை ஒழுங்கா சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"பத்து நாள் சாப்பிடுவேனுங்க டாக்டரம்மா. அப்புறம் நல்லாயிரும். நல்லாயிருச்சேன்னு நிறுத்திருவேன். அவங்ககிட்ட நிறுத்துனதைச் சொல்லலீங்க, திட்டுவாங்கன்னு."

இந்தப் பதிலில்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. சாதாரண மனச்சோர்வு நோயில் மாத்திரை வேலை செய்யவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பத்து நாளில் முழுசாக நன்றாகி, மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் நன்றாகவே இருப்பது அந்த நோயின் போக்கு இல்லை. பழைய சீட்டுகளின் தேதிகளை எடுத்துக்கொண்டு, சொசைட்டி சுவரில் மாட்டியிருக்கும் நாள்காட்டியில் அவர் குறித்து வைத்திருந்த மாதவிடாய்த் தேதிகளைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். குறித்தது எல்லா மாதமும் இல்லை, ஆனால் போதுமான அளவு இருந்தது. முதல் முறை மருத்துவமனைக்குப் போனது மூன்று தடவையும் மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில். கிட்டத்தட்ட 24-ஆம் நாள் என்று வைத்துக்கொண்டால், இரண்டு வாரம் கழித்து மறுபரிசோதனைக்குப் போகும்போது அடுத்த சுற்றின் பத்தாம் நாள். அதுதான் அவருடைய மாதத்திலேயே நல்ல வாரம். மருத்துவர் பார்த்தது உண்மைதான்: முதல் தடவை உண்மையிலேயே நொறுங்கியிருந்த பெண், இரண்டாம் தடவை உண்மையிலேயே தேறியிருந்த பெண். பாராட்டு மாத்திரைக்குப் போய்விட்டது. மாத்திரைக்கும் அதில் பங்கு இருந்ததா, மாதவிடாய் வந்ததால் மட்டும் சரியானதா என்பதை அந்த ஃபைலை வைத்துச் சொல்ல வழியே இல்லை. இரண்டு வார இடைவெளியில் பார்க்கும் வழக்கமே, மாதவிடாய்க்கு முந்தைய மனத்துயர்க் கோளாறு என்ற இந்த நோயை மறைத்துவிடுகிறது.

முதல் நாள் கேட்டவை

அவருக்கே சம்பந்தம் ஓரளவு தெரிந்திருந்தது. "தூரமாகறதுக்கு முன்னால கொஞ்சம் அதிகமா இருக்குமுங்க" என்றார். ஆனால் மாதம் முழுக்கவே மனசு சரியில்லை என்றும் சொன்னார். வந்தது மோசமான நாளில். அந்த நாளில் உட்கார்ந்து திரும்பிப் பார்த்தால் போன வாரமும் இருட்டாகத்தான் தெரியும். இதே கேள்வியைப் பத்து நாள் கழித்துக் கேட்டிருந்தால், "அப்படியொன்றும் இல்லைங்க" என்றிருப்பார். ஞாபகத்தை நம்பி இந்த நோயை உறுதி செய்யக் கூடாது என்று, மனநோய்களை வரையறுக்கும் கையேடான டிஎஸ்எம்-5 சொல்வது இதனால்தான். 2013-இல் வந்த அந்தக் கையேடுதான் மாதவிடாய்க்கு முந்தைய மனத்துயர்க் கோளாறை, அதாவது பிஎம்டிடியை, பின்னிணைப்பிலிருந்து எடுத்து மனச்சோர்வு நோய்களின் வரிசையில் தனி நோயாக வைத்தது. குறைந்தது இரண்டு சுற்றுகளுக்கு அன்றன்றைக்கு எழுதிய பதிவு வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

தற்கொலை எண்ணம் பற்றி நேராகவே கேட்டேன். மாதத்தில் மூன்று நாலு நாள் "செத்துப்போனாத் தேவலை" என்று தோன்றும், திட்டம் எதுவும் இல்லை என்றார். நோய் உறுதியாகும்வரை இதற்குக் காத்திருக்க முடியாது. பிஎம்டிடி உள்ள பெண்களிடம் தற்கொலை எண்ணமும் முயற்சியும் மற்றவர்களைவிட அதிகம். அன்றே கணவரை அழைத்துப் பேசி, தோட்டத்துக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தை வீட்டிலிருந்து அப்புறப்படுத்திப் பூட்டி வைக்கச் சொன்னேன். அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணை இருவர் போனிலும் பதியச் செய்தேன். அந்த எண்ணில் தமிழிலும் பேசலாம்.

தூக்கம் குறைந்தும் சோர்வே இல்லாமல் உற்சாகமாக, அளவுக்கு மீறிப் பேசி, கையில் இருக்கிற காசையெல்லாம் செலவழித்த நாட்கள் உண்டா என்றும் கேட்டேன். அவருக்கும் இல்லை, குடும்பத்திலும் யாருக்கும் இல்லை. இருதுருவ நோய் இருக்கும் ஒருவருக்கு வெறும் மனச்சோர்வு மாத்திரை கொடுத்தால் அது எதிர்த்திசையில் தூக்கிவிடக்கூடும். அதனால் இந்தக் கேள்வியை விட முடியாது.

ஃபைலில் ஹார்மோன் பரிசோதனைகள் நான்கைந்து இருந்தன. எல்லாம் இயல்பு. அவர் அதையே பெரிய குறையாக நினைத்தார்: "எல்லாம் நார்மல்னு வந்தா, அப்ப எம்மேலதானே தப்புன்னு வீட்ல சொல்றாங்க." இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்து விளக்கினேன். இந்த நோயில் ஹார்மோன் அளவு இயல்பாகத்தான் இருக்கும். அந்த இயல்பான ஏற்ற இறக்கத்தை மூளை வாங்கிக்கொள்ளும் விதம்தான் வேறு. 1998-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு நடந்தது. மாதவிடாய்க்கு முன் கடுமையாக அவதிப்படும் பெண்களுக்கு மருந்து கொடுத்துச் சினைப்பையின் வேலையை நிறுத்தினார்கள். பலருக்கு அறிகுறிகள் தணிந்தன. தணிந்தவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனையோ புரொஜெஸ்டிரானையோ சாதாரண அளவில் திரும்பக் கொடுத்ததும் அறிகுறிகள் திரும்பின. இந்தத் தொல்லை இல்லாத பெண்களுக்கு அதே ஹார்மோனை அதே அளவில் கொடுத்தபோது ஒன்றும் ஆகவில்லை. ஆகவே ரத்தத்தில் ஹார்மோனை அளந்து இந்த நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது, இல்லை என்று தள்ளவும் முடியாது. நான் எழுதிக் கொடுத்தது தைராய்டு, ஹீமோகுளோபின், உடலில் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் மட்டும். தைராய்டு சரியாக இருந்தது. ஹீமோகுளோபின் 9.8, ஃபெரிட்டின் குறைவு.

தாள்

இதற்கென்று உலகமெங்கும் பயன்படும் பதிவுப் படிவம் டிஆர்எஸ்பி. அதில் வரிகள் அதிகம். நான் தமிழில் 12 வரிகளாகச் சுருக்கிய தாள் ஒன்று வைத்திருக்கிறேன். முதல் நான்கு வரி மனநிலை: சட்டென்று அழுகை வருவது அல்லது மனம் மாறுவது, எரிச்சலும் கோபமும், மனச்சோர்வும் நம்பிக்கையின்மையும், பதற்றம். அடுத்த ஏழு: எதிலும் நாட்டமின்மை, கவனச் சிதறல், அசதி, பசி மாற்றம், தூக்கம், எல்லாம் கைமீறிப் போகிற உணர்வு, உடல் தொல்லை. உடல் தொல்லை என்றால் மார்பு கனத்து வலிப்பது, வயிறு உப்புவது, மூட்டுவலி போன்றவை. கடைசி வரி, அன்றைக்கு இதனால் வேலையோ உறவோ எவ்வளவு கெட்டது என்பது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 6 வரை எண். 1 என்றால் துளியும் இல்லை, 6 என்றால் தாங்க முடியவில்லை. மேலே ரத்தப்போக்கு இருந்த நாளுக்கு ஒரு கட்டம், கீழே சண்டை, காய்ச்சல், புதிய மாத்திரை என்று அன்றைய விசேஷம் எழுத ஒரு கட்டம்.

விதிகள் மூன்றே. படுக்கப் போகும் முன் அன்றன்றைக்கே எழுத வேண்டும். விட்டுப்போன நாளைக் காலியாகவே விட வேண்டும், பிறகு யோசித்து நிரப்பக் கூடாது. முந்தின நாள் என்ன போட்டோம் என்று பார்க்கக் கூடாது. பார்த்தால் நேற்று 4 போட்டவர் இன்றைக்கும் 4 போடுவார், அல்லது "தேதி நெருங்குது, ஏறணுமே" என்று ஏற்றிவிடுவார்.

பலர் ஒரு வாரத்தில் விட்டுவிடுவார்கள். இவர் விடவில்லை. தினம் நூற்றுக்கும் மேற்பட்ட எண்களை அந்தந்த நேரத்திலேயே எழுதிப் பழகிய கை. தாளைப் பால் பேரேட்டுக்குள்ளேயே வைத்திருந்து, ராத்திரி கணக்கு முடித்த கையோடு எழுதியிருக்கிறார். எனக்கு வந்த தாளின் ஓரங்களில் பால் பட்டுக் காய்ந்த கறை. எண்கள் மட்டும் கச்சிதமாக இருந்தன. மோசமான நாட்களில் பேனா அழுந்தி, 6 என்ற எண் தாளின் பின்பக்கம் தடவினால் தெரிகிற அளவுக்குப் பதிந்திருந்தது.

படித்த விதம்

மாதவிடாய் தொடங்கிய நாளை 1 என்று வைத்து, 4-ஆம் நாளிலிருந்து 10-ஆம் நாள்வரை ஒரு வாரம். அடுத்த மாதவிடாய் தொடங்கிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கு முந்தைய ஏழு நாட்கள் இன்னொரு வாரம். பின்னோக்கி எண்ணுவதற்குக் காரணம் உண்டு. சுற்று 26 நாளோ 33 நாளோ ஆவது பெரும்பாலும் கருமுட்டை வெளிவருவதற்கு முந்தைய பாதி நீள்வதாலும் குறுகுவதாலும்தான். பிந்தைய பாதி ஏறக்குறைய இரண்டு வாரம் என்று ஓரளவு நிலையாக இருக்கும். முன்னாலிருந்து "21-ஆம் நாள்" என்று எண்ணினால் மாதத்துக்கு மாதம் வேறு வேறு இடத்தில் போய் நிற்போம்.

முதல் சுற்றிலேயே வடிவம் தெரிந்தது. ஆனால் அந்த மோசமான வாரம், சொசைட்டியில் ஓணம் போனஸ் கணக்கு முடித்த வாரம். "கணக்கு டென்ஷன்தானுங்க" என்று அவரே சொன்னார். இருக்கலாம். ஒரு சுற்றில் எதுவும் எதோடும் ஒத்துப்போகும், அதனால்தான் இரண்டு கேட்கிறோம். இரண்டாவது சுற்றில் போனஸும் இல்லை, விருந்தாளியும் இல்லை. எரிச்சல் வரி இப்படி இருந்தது:

மாதவிடாய்க்கு முந்தைய ஏழு நாள்: 4, 5, 5, 6, 5, 6, 4. சராசரி 5.
4 முதல் 10-ஆம் நாள்வரை: 1, 2, 1, 1, 2, 1, 1. சராசரி 1.3.

வித்தியாசம் 3.7. அவர் பயன்படுத்திய எண்கள் 1-லிருந்து 6 வரை, அதாவது மொத்த வீச்சு 5. வீச்சில் இந்த வித்தியாசம் 74 விழுக்காடு. ஒரு வரி மாதவிடாயோடு ஏறி இறங்குகிறது என்று சொல்ல 30 விழுக்காடு போதும். அதோடு இன்னும் இரண்டு பார்க்க வேண்டும். மோசமான வாரத்தில் இரண்டு நாளாவது 4 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், நல்ல வாரத்தில் எந்த நாளும் 3-ஐத் தாண்டக் கூடாது. மனச்சோர்வு வரியும் இந்த நிபந்தனைகளில் தேறியது: முந்தைய வாரம் சராசரி 4, நல்ல வாரம் ஏழு நாளும் 1. அழுகை, பதற்றம், கைமீறும் உணர்வு, தூக்கம், உடல் தொல்லை ஆகியவையும் இரண்டு சுற்றுகளிலும் தேறின. நோயை உறுதி செய்ய ஐந்து வரிகள் தேற வேண்டும், அதில் ஒன்றாவது முதல் நான்கு வரிகளில் இருக்க வேண்டும். இவருக்கு ஏழு.

தேறாத வரிகளில் அசதி மட்டும் நல்ல வாரத்திலும் இறங்கவில்லை. மோசமான வாரத்தில் 5, நல்ல வாரத்திலும் 3, 4 என்றே நின்றது. மற்ற எல்லா வரிகளும் தரையைத் தொடும்போது ஒன்று மட்டும் இறங்காமல் நிற்கிறதென்றால் அதற்கு வேறு காரணம் இருக்கும். இவருக்கு அது இரத்தசோகை. இரும்புச்சத்து மாத்திரை தொடங்கிய பிறகு, பின்னால் வந்த தாள்களில் அந்த வரியும் மெல்ல இறங்கியது. "மாதம் முழுக்கவே சரியில்லை" என்று முதல் நாள் அவர் சொன்னதில் இந்த அசதிக்கும் பங்கு இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

நோயை முடிவு செய்வது மோசமான வாரம் அல்ல, நல்ல வாரம். மாதவிடாய்க்கு முன் 5, 6 போடுகிறவர்கள் என் கிளினிக்கில் நிறையப் பேர். அதே மாதங்களில் தாள் நிரப்பிக்கொண்டிருந்த இன்னொருவர், வேலந்தாவளம் பக்கம் ஒரு பள்ளி ஆசிரியை, அவருக்கும் கடைசி வாரத்தில் மனச்சோர்வு வரி 5, 6 என்றுதான் இருந்தது. ஆனால் மாதவிடாய் முடிந்த வாரத்தில் 3, 4, 3, 4, 4, 3, 4. அது மனச்சோர்வு நோய். மாதவிடாய் நெருங்கும்போது கூடுகிறது, அவ்வளவுதான். இருவரையும் ஒரே நாளில், 25-ஆம் நாளில் பார்த்திருந்தால் என்னால் பிரித்துச் சொல்லியிருக்க முடியாது. பிரித்துச் சொல்வது அவசியம், ஏனென்றால் ஆசிரியைக்கு மாதத்தில் பாதி நாள் மருந்து என்ற வழி பொருந்தாது. அவருக்குத் தினமும் வேண்டும், பேச்சு சிகிச்சையும் வேண்டும்.

என்னென்ன வழிகள் இருந்தன

முதலில், செய்ய வேண்டாம் என்று சொன்னது. பொள்ளாச்சியிலிருக்கும் நாத்தனார் "கர்ப்பப்பையை எடுத்துட்டா எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துடும்" என்று சொல்லி, ஒரு மருத்துவமனையில் விசாரித்தும் வைத்திருந்தார். கர்ப்பப்பையை எடுத்தால் ரத்தப்போக்கு நிற்கும். சினைப்பை உள்ளேயே இருக்கும்வரை ஹார்மோன் ஏறி இறங்குவது நிற்காது, ஆகவே இந்த நோயும் நிற்காது. எப்போது வரும் என்று சொல்ல இருந்த ஒரே அடையாளமான ரத்தப்போக்கும் போய்விடும். அதற்குப் பிறகு தாள் எழுதினாலும் எங்கிருந்து எண்ணுவது? அவர் செய்துகொண்ட குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையும் இதே காரணத்தால் நோயைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சினைப்பை இரண்டையும் எடுப்பது உண்மையில் நோயை நிறுத்தும். ஆனால் 34 வயதில் அது எலும்பையும் இதயத்தையும் பாதிக்கிற செயற்கை மாதவிடாய் நிறுத்தம். மற்ற எல்லாம் தோற்ற பிறகு, அதுவும் லியூப்ரோலைடு போன்ற ஊசியால் சில மாதம் சினைப்பையைத் தற்காலிகமாக நிறுத்திப் பார்த்து, நோய் உண்மையில் அடங்குகிறது என்று தெரிந்த பிறகுதான் அதைப் பற்றிப் பேசவே வேண்டும்.

கருத்தடை மாத்திரைகளில் டிராஸ்பைரினோன் 3 மில்லிகிராமும் எத்தினைல் எஸ்ட்ராடையால் 20 மைக்ரோகிராமும் சேர்ந்தது, 24 நாள் மருந்தும் 4 நாள் வெறும் மாத்திரையுமாக வருவது, இந்த நோய்க்குப் பலன் தரும். இவருக்கு அதைக் கொடுக்கவில்லை. தலைவலி பற்றிக் கேட்டபோது, வலி வருவதற்கு முன் கண்ணுக்கு முன்னால் வளைந்து வளைந்து வெளிச்சம் ஓடும் என்றார். அப்படி முன்னறிகுறியோடு வரும் ஒற்றைத் தலைவலி உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜன் சேர்ந்த மாத்திரை பக்கவாத ஆபத்தைக் கூட்டும். புரொஜெஸ்டிரானை மட்டும் கொடுப்பது நம் பக்கம் நிறைய நடக்கிறது. இந்த நோய்க்கு அது பலன் தருவதாக நல்ல ஆதாரம் இல்லை, சிலருக்கு மனநிலை இன்னும் கெடும்.

மீதி இருந்தது மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்துகள்: ஃப்ளூவாக்சிட்டின், செர்ட்ராலின், எஸ்சிட்டலோப்ராம் போன்றவை. இந்த நோய்க்கு இவைதான் முதல் வரிசை. மனச்சோர்வு நோயில் வாரக்கணக்கில் காத்திருக்க வைக்கும் அதே மாத்திரை, இங்கே சில நாட்களில் வேலை செய்கிறது. புரொஜெஸ்டிரான் உடைந்து மூளையில் உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் என்ற பொருளின் அளவை இவை மாற்றுவது அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. விரைவாக வேலை செய்வதால் மாதம் முழுக்கச் சாப்பிட வேண்டிய கட்டாயம் இல்லை. கருமுட்டை வெளிவரும் நாளையொட்டித் தொடங்கி மாதவிடாய் வந்ததும் நிறுத்தலாம்.

அவருக்கு அதுதான் பிடித்தது. "தெனமும் மாத்திரை திங்கற பைத்தியம்னு" யாரும் சொல்லக் கூடாது என்பது அவருடைய பயம். அந்தப் பயத்தைப் போக்க நான் பேசியதெல்லாம் வேறு. பாதி மாதம் சாப்பிடுவது மருத்துவரீதியாகவும் சரியான வழி என்பதால் ஒத்துக்கொண்டேன். செர்ட்ராலின் 50 மில்லிகிராம், 14-ஆம் நாளிலிருந்து, காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. முதல் சில நாள் குமட்டலாம், வயிறு இளகலாம், தாம்பத்தியத்தில் நாட்டம் குறையலாம் என்று முன்கூட்டியே சொன்னேன். கடைசியாகச் சொன்னதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். மாத்திரையைச் சொல்லாமல் நிறுத்துவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

பேச்சு சிகிச்சையும் சில அமர்வுகள் நடந்தன. பெரிய விஷயம் எதுவும் பேசவில்லை. தாளைப் பார்த்து, எண் ஏறும் வாரத்தில் எந்த முடிவை எடுக்கக் கூடாது, யாரிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது என்று பேசினோம். கொழுப்பு அளவு குறைந்துவிட்டது என்று விவசாயிகள் சண்டைக்கு வரும்போது அந்த வாரத்தில் மட்டும் செயலாளரிடம் அனுப்பிவிடுவது என்று ஏற்பாடு. கால்சியம் தினம் 1200 மில்லிகிராம் சிறிது உதவும் என்பதற்கு ஆய்வு ஆதாரம் உண்டு. பால் புழங்கும் வீடு என்பதால் உணவில் வருவதைக் கணக்கிட்டு மீதிக்கு மட்டும் மாத்திரை கொடுத்தேன்.

பிறகு

மருந்து தொடங்கிய முதல் சுற்றில் மாதவிடாய்க்கு முந்தைய ஏழு நாளின் எரிச்சல் வரி: 2, 3, 2, 3, 3, 3, 2. சராசரி 2.6. சாவைப் பற்றிய எண்ணம் அந்த மாதம் வரவில்லை. குமட்டல் மூன்று நாளில் நின்றது. இரண்டாவது சுற்றில் ஊர் மாரியம்மன் நோம்பிக்குத் தாய்வீடு போனவர் மாத்திரையை எடுத்துப் போக மறந்து நாலு நாள் விட்டுவிட்டார். தாளில் அந்த நாட்களில் 3, 4, 5, 5. திரும்பி வந்து சாப்பிட்டதும் இரண்டாம் நாளே இறங்கத் தொடங்கியது. மருந்து பற்றி அவர் வீட்டில் இருந்த சந்தேகம் இதைப் பார்த்துத்தான் போனது. நான் சொன்னதைவிட அவர் மாமியார் அந்தத் தாளை நம்பினார்.

முழுசாக 1-க்கு வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு நாளில் எரிச்சல் இன்னும் 3-ஐத் தொடுகிறது. 100 மில்லிகிராமுக்கு ஏற்றலாமா என்று கேட்டேன். "இது போதுங்க, இதுல எப்படி இருக்கறதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். எண்ணை 1 ஆக்குவது என் நோக்கம் இல்லை என்பதால் ஏற்றவில்லை. ஒரு வருடம் ஆன பிறகு, மாத்திரை இல்லாமல் ஒரு சுற்று, தாளோடு, எழுதிப் பார்ப்பது என்று பேசி வைத்திருக்கிறோம். நிறுத்தினால் பலருக்கு நோய் சில மாதங்களில் திரும்பிவிடும். திரும்பினால் மறுபடி 14-ஆம் நாளிலிருந்து தொடங்குவோம். நாற்பதைத் தாண்டி மாதவிடாய் ஒழுங்கு தவறத் தொடங்கும்போது 14-ஆம் நாள் என்று எண்ணுவது பலிக்காது. அப்போது தினமும் சாப்பிடுவதற்கு மாற வேண்டி வரலாம் என்பதை இப்போதே அவரிடம் சொல்லியிருக்கிறேன்.